சந்திரசேகர் – எடிங்டன் விவகாரத்தில் செமினார் எடுக்கப் போகிறீர்களா? கேள்விகளை இப்படி அமையுங்கள்

எம்.எஸ்சி. இயற்பியலிலோ அறிவியல் வரலாற்றுத் தாளிலோ இப்படி ஒரு தலைப்பு கையில் வந்து விழும்: “ஒரு கண்டுபிடிப்பு எப்படி ஏற்கப்பட்டது, எப்படி எதிர்க்கப்பட்டது, பெருமை யாருக்குப் போனது?” கண்டுபிடிப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பார்கள். எதைக் கேள்வியாகக் கேட்பது, விடையை எந்தத் தாளில் தேடுவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பக்க வழிமுறைத் தாள்தான். அதில் ஸ்லைடு எண்ணிக்கையும் எழுத்துரு அளவும் இருந்தன, வேறொன்றும் இல்லை. முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை, அடுத்து வருபவர்களாவது சுற்றியலையாமல் இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்குச் சந்திரசேகர் வரம்பையே வைத்துக்கொள்கிறேன். ஒரு வெண்குறுமீன் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்று சுப்பிரமணியன் சந்திரசேகர் கணக்கிட்டுச் சொன்னதும், அதைப் பிரிட்டனின் புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டன் மறுத்ததும்தான் இந்த விவகாரம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் என்பதால் இங்கே பலரும் இதைத்தான் எடுக்கிறார்கள், அதில் தவறில்லை. மூலத் தாள்கள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். எதிர்ப்பு, ஏற்பு, பெருமை ஆகிய மூன்றுக்குமே இதில் சரக்கு இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த கதையாக இருப்பதே இதில் உள்ள ஆபத்து. கேள்வி எழுமுன்பே விடை மனசில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

1. தலைப்பை மூன்றாக உடையுங்கள், மூன்றையும் கலக்காதீர்கள்

வழக்கமாக வரும் செமினார் இப்படி ஓடும்: 19 வயது இளைஞர் கப்பலில் கணக்குப் போட்டார், 1935-இல் எடிங்டன் கேலி செய்தார், 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது, உண்மை வென்றது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இதில் கேள்வி என்று ஒன்றுமே இல்லை. தேர்வாளர் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எதிர்ப்பு என்பது ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட ஆள், ஒரு குறிப்பிட்ட கூற்றை மறுத்தது. ஏற்பு என்பது பல இடங்களில், பல வேகங்களில் நடந்தது. பெருமை என்பது யார் பெயர் எந்த முடிவின்மேல் ஒட்டிக்கொண்டது என்ற விஷயம். இந்த மூன்றுக்கும் சான்று மூன்று வேறு வகைத் தாள்களில் இருக்கிறது. எதிர்ப்புக்குக் கூட்டப் பதிவு வேண்டும். ஏற்புக்கு, பிறகு வந்த ஆய்வுக் கட்டுரைகளும் கடிதங்களும் வேண்டும். பெருமைக்கு, முன்னால் வந்த கட்டுரைகள் வேண்டும். நோபல் பரிசை வைத்து 1935-க்கு விடை சொல்ல முயல்வதுதான் நான் பார்த்த செமினார்களில் அதிகம் வந்த குளறுபடி.

ஒவ்வொரு கேள்வியையும் எழுதியதும் பக்கத்திலேயே மூன்று விவரம் குறியுங்கள்: யாரைப் பற்றியது, எந்த ஆண்டைப் பற்றியது, எந்தத் தாளைத் திறந்தால் விடை தெரியும். மூன்றாவது காலியாக இருந்தால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடுங்கள். “அறிவியலாளர்கள் ஏன் புதிய கருத்தை ஏற்பதில்லை?” என்பதற்கு எந்தத் தாளும் கிடையாது.

2. தாள்களைச் சேருங்கள்: எங்கே, என்ன செலவு, எத்தனை நாள்

கேள்விகளை முடிவு செய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பழைய வானியல் இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டு `ui.adsabs.harvard.edu` தளத்தில் இருக்கின்றன. பதிவு செய்ய வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். தேடல் பெட்டியில் இப்படி இடுங்கள்:

```
author:"Chandrasekhar, S" year:1931
author:"Chandrasekhar, S" year:1935
author:"Eddington, A" year:1935
```

உங்களுக்குக் கட்டாயம் வேண்டியவை நான்கு. முதலாவது, 1931-இல் அமெரிக்காவின் ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலில் வந்த சந்திரசேகரின் கட்டுரை (`1931ApJ....74...81C`). இரண்டே பக்கம். இரண்டாவது, ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் 1935-இல் வந்த அவருடைய நீண்ட கட்டுரை (`1935MNRAS..95..207C`). மூன்றாவது, அதே இதழில் சில பக்கம் முன்னால் இருக்கும் எடிங்டனின் மறுப்பு (`1935MNRAS..95..194E`). நான்காவது, கழகத்தின் 1935 ஜனவரி 11 கூட்டத்தில் யார் யார் என்ன பேசினார்கள் என்ற பதிவு. இது ‘அப்சர்வேட்டரி’ இதழின் 58-ஆம் தொகுதியில், பிப்ரவரி 1935 இதழில் இருக்கிறது. பலர் கோட்டை விடுவது இந்த நான்காவதைத்தான். ஆசிரியர் பெயரைப் போட்டுத் தேடினால் இது எளிதில் மாட்டாது, ஏனென்றால் இது கட்டுரை இல்லை, கூட்ட அறிக்கை. இதழின் பெயரையும் தொகுதி எண்ணையும் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

இவை பெரும்பாலும் படமாக ஸ்கேன் செய்யப்பட்டவை. உள்ளே சொல்லைத் தேடும் வசதி வேலை செய்யாது என்று நினைத்தே திட்டமிடுங்கள். பிரின்ட் எடுத்து, பேனாவோடு உட்கார்ந்து படிப்பதுதான் வழி. நான்குக்கும் சேர்த்து ஜெராக்ஸ் கடையில் ஆகும் செலவு பெரிதாக இருக்காது. நீண்ட கட்டுரையின் அட்டவணைப் பக்கங்களை விட்டுவிட்டால் இன்னும் குறையும்.

காசு கேட்பது ஒன்று உண்டு: எட்மண்ட் ஸ்டோனர் 1930-இல் ஃபிலசாஃபிக்கல் மேகசினில் எழுதிய கட்டுரை. பதிப்பக இணையதளத்தில் தனியாக வாங்குவது மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. உங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழக நூலகருக்கு, இதழ் பெயர், தொகுதி 9, பக்கம் 944, ஆண்டு 1930 என்று முழு விவரத்தோடு மின்னஞ்சல் எழுதுங்கள். நேரில் போய் “ஸ்டோனர் பேப்பர் வேணும் சார்” என்று கேட்டால் கிடைக்காது. வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தால் ஒரு வாரம் இரண்டு வாரம்கூட இழுக்கும். அதனால் செமினார் தேதி தெரிந்த அன்றே இந்த மின்னஞ்சல் போக வேண்டும், மற்ற வேலையெல்லாம் பிறகு.

இன்னொரு இலவசத் தாள்: சந்திரசேகரை 1977-இல் ஸ்பென்சர் வியர்ட் எடுத்த நீண்ட நேர்காணல். அமெரிக்க இயற்பியல் நிறுவனத்தின் தளத்தில் எழுத்து வடிவில் முழுதும் இருக்கிறது. மிகச் சுவையானது, ஆனால் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் மற்ற எல்லாத் தாளையும் அவருடைய கண்ணாலேயே பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

3. எதிர்ப்பு: அவர் மறுத்தது எதை என்று கேளுங்கள்

“எடிங்டன் ஏன் எதிர்த்தார்?” என்று கேட்டால் அவர் மனசுக்குள் புகுந்து பார்க்க வேண்டியிருக்கும். “எடிங்டன் எந்த வரியை மறுத்தார்?” என்று கேளுங்கள். இதற்கு விடை அச்சில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் சபைக்குச் சொல்லிவிடலாம். வெண்குறுமீன் என்பது எரிபொருள் தீர்ந்த விண்மீன். அது தன் எடையால் நொறுங்காமல் தாங்குவது நெருக்கி அடைக்கப்பட்ட எலெக்ட்ரான்களின் அழுத்தம். விண்மீனின் ஆரம் பாதியாகச் சுருங்கினால் அடர்த்தி 8 மடங்காகும். அப்போது ஈர்ப்பைத் தாங்க 16 மடங்கு அழுத்தம் தேவை. 1926-இல் ரால்ஃப் ஃபௌலர் பயன்படுத்திய விதிப்படி அழுத்தம், அடர்த்தியின் 5/3 அடுக்காக ஏறும். 8 மடங்கு அடர்த்திக்கு 32 மடங்கு அழுத்தம். தேவை 16, கிடைப்பது 32, ஆகவே எவ்வளவு கனமான விண்மீனும் எங்கோ ஓரிடத்தில் சுருங்குவதை நிறுத்திவிடும்.

சந்திரசேகர் சொன்னது இதுதான்: மிக நெருக்கமாக அடைத்தால் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்போது சார்பியலைச் சேர்த்தே ஆக வேண்டும். சேர்த்தால் அழுத்தம் 4/3 அடுக்காகத்தான் ஏறும். 8 மடங்கு அடர்த்திக்கு 16 மடங்கு அழுத்தம். தேவையும் 16, கிடைப்பதும் 16. இப்போது சுருங்குவதால் எந்த லாபமும் இல்லை, நிறைதான் முடிவு செய்யும். ஒரு நிறைக்கு மேல் போனால் தாங்க முடியாது.

இந்த இரண்டு எண்களையும், 32-ஐயும் 16-ஐயும், ஒரே ஸ்லைடில் பெரிதாகப் போடுங்கள். பிறகு கூட்டப் பதிவைத் திறந்தால் எடிங்டன் கைவைத்த இடம் பளிச்சென்று தெரியும். சந்திரசேகரின் கூட்டல் கழித்தலில் பிழை இருப்பதாக அவர் சொல்லவில்லை. சார்பியலையும் குவாண்டம் விதியையும் இப்படிச் சேர்த்த சூத்திரமே செல்லாது, 5/3 விதிதான் எப்போதும் நிற்கும் என்றார். அந்தச் சேர்க்கையில் பிறந்ததை முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளையாகத் தான் கருதவில்லை என்று கிண்டலாகவும் சொன்னார்.

அதற்கு முன் அவர் சொன்னதுதான் உங்கள் செமினாரின் உச்சம். சந்திரசேகர் சொல்வது உண்மையானால் கனமான விண்மீன் சுருங்கிக்கொண்டே போகும், சில கிலோமீட்டர் ஆரத்துக்கு வந்ததும் ஈர்ப்பு ஒளியையே பிடித்து வைத்துக்கொள்ளும், அப்போதுதான் விண்மீனுக்கு நிம்மதி என்றார். இன்று கருந்துளை என்று நாம் சொல்வதை 1935-இலேயே ஏறக்குறைய வரைந்துவிட்டார். பிறகு, ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்று முடித்தார். ஆக, “எடிங்டனுக்குப் புரியவில்லை” என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். விளைவு அவருக்கு நன்றாகவே புரிந்தது. அந்த விளைவையே சூத்திரம் தவறு என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

இதிலிருந்து ஒரு நல்ல துணைக் கேள்வி பிறக்கிறது: இந்த விளைவைக் கண்டு பின்வாங்கியது எடிங்டன் மட்டும்தானா? லெவ் லாண்டாவ் தனியாகக் கணக்கிட்டு 1932-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சூரியனைப் போல் ஏறக்குறைய 1.5 மடங்கு என்ற எல்லை அதிலும் வந்தது. கனமான விண்மீன்கள் அமைதியாக இருந்துகொண்டுதானே இருக்கின்றன, ஆகவே அவற்றின் உள்ளே குவாண்டம் விதிகளே செல்லாத பகுதி இருக்க வேண்டும் என்று அவர் முடித்தார். வேறு நாடு, வேறு தலைமுறை, எடிங்டனோடு எந்த உறவும் இல்லை. இதைச் சபையில் சொன்னால், ஒரு கிழவரின் பிடிவாதம் என்ற விளக்கம் போதாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

4. நினைவையும் பதிவையும் பிரித்து வையுங்கள்

கூட்டத்துக்கு முந்தைய மாலை நிகழ்ச்சிநிரல் கைக்கு வந்தபோதுதான், தனக்கு அடுத்து எடிங்டன் பேசப்போகிறார், தலைப்பு ‘சார்பியல் சிதைநிலை’ என்று சந்திரசேகருக்குத் தெரிந்தது. அவர் தலையில் கல் விழுந்த மாதிரிதான். இந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது? பல பத்தாண்டு கழித்து அவரே சொன்ன நினைவிலிருந்து. எல்லோரும் பின்னால் வந்து அனுதாபம் சொன்னார்கள் என்பதும் அப்படியே.

கூட்டப் பதிவில் இருப்பது வேறு மாதிரியானது. எடிங்டன் முடித்ததும் தலைவர், இந்தக் கட்டுரையின் வாதங்களை விவாதிக்கும் முன் மிகக் கவனமாக எடைபோட வேண்டும் என்று சொல்லி நன்றி கூறி முடித்துவிடுகிறார். ஒரு வரி. சந்திரசேகருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதற்கு அந்த ஒரு வரி, எல்லா நினைவுகளையும்விட வலுவான சான்று.

நினைவு பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதருக்கு அன்று எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று ஏது? ஆனால் ஸ்லைடில் மேற்கோளின் கீழே சொன்ன ஆண்டையும் போடுங்கள்: “1935, கூட்டப் பதிவு”, “1977, நேர்காணல்” என்று. கப்பல் கதைக்கும் இதே விதி. 1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்ட பயணத்தில் அவர் இந்தக் கணக்கைத் தொடங்கினார் என்பது அவரே பின்னாளில் சொன்னது.

5. ஏற்பு: ‘எப்போது’ என்று ஒருமையில் கேட்காதீர்கள்

“எப்போது ஏற்கப்பட்டது?” என்ற கேள்விக்கு ஒரே ஆண்டைச் சொன்னால் எந்த ஆண்டும் தவறுதான். “யாருடைய வட்டத்தில், எந்த வடிவத்தில்?” என்று உடைத்துக் கேளுங்கள்.

கூட்டம் முடிந்த கையோடு சந்திரசேகர் கோபன்ஹேகனில் இருந்த லியோன் ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார். எடிங்டன் சொல்வதில் ரோசன்ஃபெல்டுக்கும் நீல்ஸ் போருக்கும் ஒரு பொருளும் தென்படவில்லை என்று பதில் வந்தது. பவுலியும் அதே பக்கம்தான். ஆக, குவாண்டம் இயற்பியலாளர்கள் வட்டத்தில் 1935 தொடக்கத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் எல்லாம் கடிதத்தில். அச்சில் வந்து எடிங்டனை மறுக்க அவர்கள் யாரும் முன்வரவில்லை. உங்கள் செமினாரில் மிக நல்ல கேள்வி இங்கேதான் ஒளிந்திருக்கிறது: தனிக் கடிதத்தில் ஒப்புக்கொண்டவர்கள் பொதுவில் ஏன் பேசவில்லை, அச்சில் அந்தப் பேச்சு எப்போது வந்தது?

அச்சுப் பதிவைத் தேடினால், அதே 1935-இல் கிறிஸ்டியன் மோலரோடு சேர்ந்து சந்திரசேகர் எழுதிய குறிப்பு கிடைக்கும். 1942-இல் டிராக், பெயர்ல்ஸ், பிரைஸ் மூவரும் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழக இதழில் எடிங்டனின் வாதத்துக்கு நேரடியாகப் பதில் எழுதினார்கள். நடுவில் ஏழு ஆண்டு. இந்த இடைவெளியை ஒரு கோடாக வரைந்து, மேலே தனிக் கடிதங்களையும் கீழே அச்சான கட்டுரைகளையும் குறியுங்கள். மேலே இருப்பவை இடது ஓரத்தில் குவிந்திருக்கும், கீழே அந்த மூவரின் நேரடிப் பதில் வலது பக்கம் தள்ளிப் போயிருக்கும். இந்த ஒரு படத்துக்கு நான் ஐந்து ஸ்லைடு வசனத்தை விட்டுக்கொடுப்பேன்.

கடிதங்களின் மூலப் பிரதியைத் தேடி அலைய வேண்டாம். சந்திரசேகரின் ஆவணங்கள் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. முக்கியமான கடிதப் பகுதிகள் அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலில் அச்சாகியிருக்கின்றன, பெரிய நூலகங்களில் அந்த நூல் கிடைக்கும். இரண்டாம் கைத் தகவல் என்று குறிப்பிட்டுவிட்டால் தேர்வாளர் குறை சொல்ல மாட்டார். மறைத்தால்தான் சிக்கல்.

6. பெருமை: எண்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்

இன்று நாம் சொல்லும் வரம்பு சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.44 மடங்கு. 1931-இன் அந்த இரண்டு பக்கக் கட்டுரையைத் திறந்து இந்த எண்ணைத் தேடுங்கள். இருக்காது. இருப்பது 0.91. பார்த்ததும் தவறான கட்டுரையைத் திறந்துவிட்டோமோ என்று தோன்றும். சரியான கட்டுரைதான்.

வரம்பு நிறை, ஒரு எலெக்ட்ரானுக்கு எவ்வளவு நிறை பங்காக வருகிறது என்ற எண்ணின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் மாறும். அன்று அந்த எண்ணை 2.5 என்று வைத்துக்கொண்டார்கள். ஹீலியம், கார்பன் போன்றவற்றால் ஆன விண்மீனுக்கு அது 2. நீங்களே போட்டுப் பாருங்கள்: 2.5-ஐ 2-ஆல் வகுத்தால் 1.25. அதன் வர்க்கம் 1.5625. இதை 0.91-ஆல் பெருக்கினால் சுமார் 1.42. கைக்கணக்கிலேயே நாம் அறிந்த வரம்புக்கு வந்துவிடுகிறோம். இயற்பியல் மாறவில்லை, உள்ளே போட்ட எண் மாறியது. கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டினால் சபை உங்கள் கையில்.

இப்போது அதே கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். தேதி 1930 நவம்பர் 12. அதில் சந்திரசேகர் தன் எண்ணை ஸ்டோனரின் முந்தைய மதிப்பீட்டோடு ஒப்பிடுகிறார். தன்னுடையது 1.822 × 10³³ கிராம், ஸ்டோனருடையது 2.2 × 10³³ கிராம். இவ்வளவு நெருக்கமாக வந்தது வியப்பு என்றும் எழுதுகிறார். அதாவது, எல்லை நிறை என்ற ஒன்று உண்டு என்று லீட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்த ஸ்டோனர் 1930-இலேயே அச்சில் சொல்லிவிட்டார். அவருக்கும் முன்னால், 1929-இல், டார்ட்டுவில் இருந்த வில்ஹெல்ம் ஆண்டர்சன் சார்பியல் திருத்தத்தைச் சேர்த்துப் பார்த்திருந்தார். அதைச் சரிசெய்தவர்தான் ஸ்டோனர்.

“அப்படியானால் பெருமை திருட்டா?” என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைப் போடாதீர்கள். ஸ்டோனரைக் குறிப்பிட்டு எழுதியவரே சந்திரசேகர்தான். கேட்க வேண்டியது: யார் எதை முதலில் செய்தார்கள்? ஸ்டோனர் விண்மீன் முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு எல்லையைக் கண்டார். சந்திரசேகர், உள்ளே போகப் போக அடர்த்தி கூடும் உண்மையான அமைப்பை வைத்துக் கணக்கிட்டார். 1935 கட்டுரையில், குறைந்த அடர்த்தியிலிருந்து மிக அதிக அடர்த்தி வரை ஒரே தொடர்ச்சியாகச் செல்லும் முழுக் கோட்பாட்டைக் கட்டி, நிறை கூடக் கூட ஆரம் எப்படிச் சுருங்கி வரம்பில் பூச்சியத்தை நோக்கிப் போகிறது என்று காட்டினார். எடிங்டனின் எதிர்ப்பைத் தாங்கி நின்றதும் அவர்தான், 1939-இல் விண்மீன் அமைப்பைப் பற்றிய பாடநூலில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதியதும் அவர்தான். என் பார்வையில், அந்த வரம்பின்மேல் அவர் பெயர் நிலைத்ததற்கு இரண்டு பக்கக் கட்டுரையைவிட பின்னால் வந்த இந்த இரண்டுமே பெரிய காரணம். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம், ஆனால் மூன்று எண்களையும் மூன்று ஆண்டுகளையும் காட்டிவிட்டு வாருங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் இரண்டு ஃபௌலர் உண்டு. 1926 கட்டுரை எழுதியவர், கேம்பிரிட்ஜில் சந்திரசேகரின் வழிகாட்டி, ரால்ஃப் ஃபௌலர். 1983-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வில்லியம் ஃபௌலர், அமெரிக்கர். ஒரே ஸ்லைடில் வெறும் ‘ஃபௌலர்’ என்று இரண்டு முறை போட்டால் கேள்வி நேரம் முழுக்க அதிலேயே போய்விடும்.

7. விட்டுவிட வேண்டிய கேள்விகள், அல்லது மாற்றிக் கேட்க வேண்டியவை

“எடிங்டனால் கருந்துளை ஆராய்ச்சி பல பத்தாண்டு தாமதமானதா?” கவர்ச்சியான கேள்வி, நிரூபிக்க முடியாதது. 1939-இலேயே ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் விண்மீன் முற்றாகச் சரிவதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு போர் வந்தது. மிகச் சுருங்கிய விண்மீன்களுக்கு வானிலிருந்து நேரடிச் சான்று பல்சர் வடிவில் 1967-இல்தான் கிடைத்தது. தாமதத்துக்கு ஒரே ஆளைக் காரணமாக்க முடியாது. “1935-க்கும் 1967-க்கும் இடையில் இந்த வரம்பு யாருக்குத் தேவைப்பட்டது?” என்று மாற்றினால் தேட வழி உண்டு.

“இது இனவெறியா?” இந்தியாவில் இதைக் கேட்காமல் ஒரு கூட்டமும் முடியாது. கேட்கக் கூடாத கேள்வி இல்லை. ஆனால் உங்கள் நான்கு தாள்களில் அதற்கு நேரடிச் சான்று கிடைக்காது. எடிங்டன் சக வானியலாளர்களான ஜேம்ஸ் ஜீன்ஸோடும் மில்னோடும் பொதுக் கூட்டத்தில் இதே கூர்மையோடு மோதியவர் என்பதையும் எடைபோட வேண்டும். அதேசமயம், 24 வயது இந்திய இளைஞரின் பேச்சுக்கும் ‘சர்’ பட்டம் பெற்ற பேராசிரியரின் பேச்சுக்கும் அந்த அறையில் ஒரே எடை இருந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. அதை உள்நோக்கக் கேள்வியாக்காமல் அதிகாரம் பற்றிய கேள்வியாக வையுங்கள்: பேசியவர்கள் யார், மௌனமாக இருந்தவர்கள் யார்?

8. நேரத்தைப் பிரிப்பது

பதினைந்து நிமிட செமினாருக்கு மூன்று கேள்வி போதும். நான்காவது வைத்தால் எல்லாம் அரைகுறையாகும். 32–16 கணக்குக்கு இரண்டு நிமிடம், எதிர்ப்புக்கு நான்கு, ஏற்புக்கு நான்கு, பெருமைக்கு நான்கு. மிச்சம் ஒரு நிமிடம் கணினி மக்கர் செய்வதற்கு. வாழ்க்கை வரலாற்று ஸ்லைடு வேண்டாம். பிறந்த தேதியும் குடும்பமும் சபையில் எல்லோருக்கும் தெரியும், குறிப்பாக சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன் என்பது.

மூன்று வாரம் இருந்தால் முதல் வாரம் தாள் சேர்ப்பதற்கும் நூலகருக்கு எழுதுவதற்கும், இரண்டாம் வாரம் படித்துக் கேள்விகளைத் திருத்துவதற்கும், மூன்றாம் வாரம் ஸ்லைடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் ஸ்டோனரின் மூலத்தைக் காத்திருக்காமல், சந்திரசேகரின் கடைசிப் பத்தியில் உள்ள ஒப்பீட்டை மட்டும் வைத்து ஓட்டலாம். அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

9. கேள்வி நேரத்துக்குக் கொண்டுபோக வேண்டியது

1931 கட்டுரையின் இரண்டு பக்கமும், கூட்டப் பதிவின் எடிங்டன் பக்கமும் பிரின்டாகக் கையில் இருக்கட்டும். “அப்படியா சொன்னார்?” என்று யாராவது கேட்டால் ஸ்லைடைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், தாளை நீட்டிவிடலாம்.

கட்டாயம் வரும் கேள்வி: “நோபல் ஏன் இவ்வளவு தாமதம்?” ஊகம் சொல்லாதீர்கள். பரிந்துரைகளும் குழுவின் ஆவணங்களும் ஐம்பது ஆண்டுகள் மூடி வைக்கப்படும் என்பது நோபல் விதி. பழைய ஆண்டுகளின் பரிந்துரைப் பட்டியலை `nobelprize.org` தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், அங்கே கிடைப்பதைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். 1983-ஆம் ஆண்டுக்கான கோப்பு 2034-இல்தான் திறக்கும். பரிசு அறிவிப்பின் வாசகம் விண்மீன்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் பற்றிய கோட்பாட்டு ஆய்வுகளுக்கு என்று பொதுவாகத்தான் இருக்கிறது. அந்த வாசகத்தை அப்படியே வாசித்துக் காட்டிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.